சொந்த பென்ஷனோடு கணவரின் குடும்ப பென்ஷனும்: இரண்டையும் வாங்குவது எப்படி

கோழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கம் கேட்டுப் பாருங்கள், வீட்டுக்கு ஒருவராவது பொள்ளாச்சிப் பள்ளிக்கூடத்திலோ கோயம்புத்தூர் ஆபீசிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவராக இருப்பார், இன்னொருவர் பாலக்காடு ரயில்வே டிவிஷனில் இருந்திருப்பார். ஒரே வீட்டில் இரண்டு அரசாங்கத்தின் பென்ஷன். கணவர் இறந்துவிட்டால் அந்த அம்மாவிடம் ஊரே சொல்வது இதுதான்: "உங்களுக்குத்தான் சொந்த பென்ஷன் இருக்கே, அவரோடது கிடைக்காது. கிடைச்சாலும் ஒண்ணைக் குறைச்சிடுவாங்க."

இது தப்பு. மனைவிக்குத் தரும் குடும்ப பென்ஷனுக்கு வருமான வரம்பு கிடையாது. அவருக்குச் சொந்த பென்ஷன் வந்தாலும் சரி, இன்னும் வேலையிலேயே இருந்தாலும் சரி, வாடகை வந்தாலும் சரி, கணவரின் குடும்ப பென்ஷன் முழுசாக வரும். வருமான வரம்பு பார்ப்பதெல்லாம் மகன், மகள், பெற்றோர் கேட்கும்போது. பேங்கில் யாராவது வருமானச் சான்றிதழ் கொண்டு வரச் சொன்னால், "நான் மனைவி, எனக்கு அந்த விதி இல்லை" என்று சொல்லுங்கள். பிடிவாதம் பிடித்தால், எந்த விதிப்படி கேட்கிறார்கள் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், அதோடு அந்தக் கேள்வி நின்றுவிடும்.

இன்னொரு குழப்பம் 1,25,000 ரூபாய் உச்சவரம்பு. தாய் தந்தை இருவருமே மத்திய அரசில் இருந்து, இருவருமே இறந்து, பிள்ளைக்கு இரண்டு குடும்ப பென்ஷன் சேரும்போது வரும் வரம்பு அது. கணவரை இழந்த மனைவியின் சொந்த பென்ஷனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்படியென்றால் இரண்டும் எங்கேதான் ஒன்றையொன்று தொடுகின்றன? பெயரில், உயிர்ச்சான்றில், வருமான வரியில். இந்த மூன்றோடு, சில வருடம் கழித்துக் குடும்ப பென்ஷன் திடீரென்று குறையும் ஒரு நாளும் இருக்கிறது. ஒரு கணக்கை வைத்தே பார்த்துவிடலாம்.

பார்வதி டீச்சர் என்று வைத்துக்கொள்வோம், பெயரும் தொகையும் கற்பனை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஓய்வு பெற்றவர், வயது 63. பொள்ளாச்சி சார்கருவூலம் வழியாக மாதம் 48,000 ரூபாய் பென்ஷன், அகவிலைப்படி உட்பட. கணவர் ரயில்வே டெக்னீஷியன், 1959 மே மாதம் பிறந்து 2019 மே மாதம் ஓய்வு பெற்றவர், கடைசி அடிப்படைச் சம்பளம் 50,500. அவருடைய பென்ஷன் அதில் பாதி, 25,250. அதில் 40 சதவீதத்தைக் கம்யூட் செய்து மொத்தமாக வாங்கிவிட்டதால் மாதாமாதம் 10,100 பிடித்தம் போய், 15,150 ரூபாயும் அகவிலைப்படியும் வந்துகொண்டிருந்தது. 2023 ஆகஸ்டில் இறந்தார், அப்போது வயது 64.

முதல் வேலை, பேங்குக்குச் சொல்வது

இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்காக இருந்து, கணவரின் பி.பி.ஓ.வில், அதாவது பென்ஷன் ஆணைப் புத்தகத்தில், மனைவியின் பெயர் குடும்ப பென்ஷனுக்கு ஏற்கெனவே எழுதியிருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரிதான். புதிய கணக்கு திறக்கத் தேவையில்லை. பேங்க் கிளையில் ஒரு விண்ணப்பம், இறப்புச் சான்றிதழ், பி.பி.ஓ. நகல், தன்னுடைய ஆதார், பான் அட்டை நகல், அதோடு கூடுதலாக வந்தால் திருப்பித் தருவதாக ஓர் உறுதிமொழி. கிளை இதைத் தங்கள் மத்திய பென்ஷன் பிரிவுக்கு அனுப்பும். பணம் போடுவது அந்தப் பிரிவுதான், கிளை அல்ல. அதனால் தாமதம் ஆனால் கிளை மேனேஜரைத் திட்டிப் பயனில்லை, எந்தத் தேதியில் அனுப்பினார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டு மேலே கேட்க வேண்டும்.

பி.பி.ஓ.வில் மனைவி பெயரே இல்லையென்றால் பேங்கால் ஒன்றும் செய்ய முடியாது. கணவர் கடைசியாக வேலை பார்த்த டிவிஷன் அலுவலகத்தில், பார்வதி டீச்சரின் விஷயத்தில் பாலக்காட்டில், விண்ணப்பித்துப் பெயரைச் சேர்த்து ஆணை வாங்கிய பிறகுதான் பேங்குக்கு வர வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படுங்கள். இறந்த நாள் வரைக்கும்தான் கணவரின் பென்ஷன், மறுநாளிலிருந்து குடும்ப பென்ஷன். பேங்குக்குத் தகவல் போகும் வரை அவருடைய பென்ஷன் பாட்டுக்கு மாதாமாதம் விழுந்துகொண்டே இருக்கும், ஏ.டி.எம்.மில் எடுக்கவும் முடியும். காரியச் செலவுக்கு எடுத்தால் யாரும் குற்றம் சொல்லப் போவதில்லை, ஆனால் பின்னால் அந்தத் தொகையை எல்லாம் குடும்ப பென்ஷனில் கழித்துக்கொள்வார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஒரு எட்டுப் போய் எழுதிக் கொடுத்துவிட்டால் கணக்கு சுத்தமாக இருக்கும்.

இரண்டு பென்ஷனையும் ஒரே கணக்கில் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் நான் வேண்டாம் என்பேன். கருவூலப் பணம் ஒரு கணக்கிலும் ரயில்வே பணம் இன்னொரு கணக்கிலும் இருந்தால், எந்த மாதம் எது வரவில்லை, எதில் பிடித்தம் ஆனது என்பது பாஸ்புக்கைப் பார்த்ததும் தெரியும்.

பெயரில் ஓர் இனிஷியல்

எல்லைப் பக்கக் குடும்பங்கள் அதிகம் சிக்குவது இங்கேதான். டீச்சரின் பணிப்பதிவேட்டில் அப்பா பெயர் இனிஷியல்: எஸ். பார்வதி. கணவரின் ரயில்வே பி.பி.ஓ.வில் கணவர் பெயர் இனிஷியல்: எம். பார்வதி. ஆதாரில் இனிஷியல் விரிந்து முழுப் பெயராகப் பின்னால் போய் நிற்கும். ரேஷன் கார்டில் பார்வதி, வாக்காளர் அட்டையில் பார்வதியம்மாள். கேரளப் பஞ்சாயத்துக் கொடுத்த இறப்புச் சான்றிதழில் மனைவி பெயர் என்று இருக்கும் இடத்தில் இன்னொரு விதம். ஊருக்கே தெரியும் அது ஒரே பார்வதி டீச்சர் என்று, கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

கேரளப் பக்கம் குடியிருந்தால் வில்லேஜ் ஆபீசில், இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு சான்றிதழ் தருவார்கள். அக்ஷயா மையத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கும்போது எந்தெந்த ஆவணத்தில் என்ன பெயர் இருக்கிறதோ அத்தனையையும், எழுத்துப் பிசகாமல், புள்ளி இருந்தால் புள்ளியோடு கொடுங்கள். ஒன்றை விட்டுவிட்டால் அந்த ஒன்றுக்காகத் திரும்ப அலைய வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கம் குடியிருப்பவர்கள் நோட்டரி பிரமாணப் பத்திரம் போட்டுக் கொடுக்கிறார்கள். அதை ஏற்பார்களா என்று பேங்கில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதே போக்கில், ரயில்வே பி.பி.ஓ.வில் மனைவியின் பிறந்த தேதி சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பல பழைய பி.பி.ஓ.க்களில் அந்த இடம் காலியாகவே இருக்கும். 80 வயது ஆகும்போது குடும்ப பென்ஷன் 20 சதவீதம் கூடும், அது அவருடைய வயதைப் பார்த்துத்தான் கூடும், தேதி இல்லையென்றால் யாருக்கும் தெரியப்போவதில்லை. 63 வயதில் திருத்துவது சுலபம், 80 வயதில் வில்லேஜ் ஆபீஸ் படி ஏறுவது சுலபமல்ல.

அப்புறம் டீச்சரின் சொந்த பி.பி.ஓ. அதில் குடும்ப பென்ஷன் வாரிசாகக் கணவர் பெயர்தான் இருக்கும். அவர் இறந்ததைக் கருவூலத்துக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். சம்பாதிக்க முடியாத, ஊனமுற்ற பிள்ளை இருந்தால் அவர் பெயரை இரண்டு பி.பி.ஓ.க்களிலும் சேர்க்கும் வேலையை இப்போதே தொடங்குவது நல்லது.

எவ்வளவு வரும், எப்போது குறையும்

குடும்ப பென்ஷன் என்பது பொதுவாகக் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம். இந்தக் கணக்கில் 15,150. ஆனால் முதல் சில வருடம் உயர்த்தப்பட்ட விகிதம் என்று 50 சதவீதம் தருவார்கள், 25,250. பென்ஷனர் ஓய்வுக்குப் பிறகு இறந்திருந்தால், மத்திய அரசு, ரயில்வே விதிப்படி, இறந்ததிலிருந்து 7 வருடம், அல்லது அவர் உயிரோடு இருந்திருந்தால் 67 வயது நிறையும் நாள், இதில் எது முன்னால் வருகிறதோ அதுவரை. பார்வதி டீச்சரின் கணவருக்கு 7 வருடம் என்றால் 2030 ஆகஸ்ட், 67 வயது என்றால் 2026 மே. முன்னால் வருவது 2026 மே. ஆக 7 வருடம் என்று கேள்விப்பட்டதை நம்பித் திட்டம் போட்டால், மூன்று வருடத்துக்குள் பணம் குறைந்து நிற்கும்.

கம்யூட் செய்த தொகைக்காகக் கணவரின் பென்ஷனில் மாதம் 10,100 பிடித்தார்கள் அல்லவா, அது குடும்ப பென்ஷனில் தொடராது, அவரோடு முடிந்துவிடும். அதனால்தான் முதல் வருடங்களில் டீச்சருக்கு வருவது கணவர் கையில் வாங்கியதைவிடக் கூடுதலாக இருக்கும். கூடுதலாக வருகிறதே, தப்பாகப் போடுகிறார்களோ என்று சிலர் அந்தப் பணத்தைத் தொடாமல் வைத்திருப்பார்கள். பயப்பட வேண்டாம், சரியான தொகைதான்.

அகவிலைப்படியோடு பார்த்தால், 2025 ஜூலை முதல் மத்திய அரசு தந்த 58 சதவீதத்தில், 25,250 என்பது மாதம் 39,895 ஆகும். 67 வயதுத் தேதி தாண்டியதும் 15,150 அடிப்படையில் அதே 58 சதவீதத்துக்கு 23,937. ஒரே மாதத்தில் 15,958 ரூபாய் குறையும். மகனுக்கு வீட்டுக் கடன் தவணைக்கு உதவுகிறேன் என்று சொல்லியிருப்பவர்கள் இந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைக்க வேண்டும்.

இதில் நடக்கும் தப்பு வேறு மாதிரி. சில சமயம் தேதி தாண்டியும் பேங்க் பழைய விகிதத்தையே போட்டுக்கொண்டிருக்கும். ஒரு வருடம் கழித்து ஆடிட்டில் கண்டுபிடித்து மொத்தமாகப் பிடிப்பார்கள். ஆரம்பத்தில் கையெழுத்துப் போட்ட உறுதிமொழி அதற்குத்தான். உயர்த்தப்பட்ட விகிதம் எந்தத் தேதி வரை என்று பி.பி.ஓ.விலேயே இருக்கும், அந்த மாதம் முடிந்த பிறகும் தொகை குறையவில்லை என்றால் நீங்களே எழுதிக் கேளுங்கள்.

உயிர்ச்சான்று இரண்டு

ஆள் ஒருவர்தான், ஆனால் பி.பி.ஓ. இரண்டு, ஆகவே உயிர்ச்சான்றும் இரண்டு. ஒன்று கொடுத்தால் மற்றதற்குப் போய்ச் சேராது. மாதமும் வேறு. ரயில்வே குடும்ப பென்ஷனுக்கு நவம்பர். தமிழ்நாட்டுக் கருவூலத்தில் இப்போது அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தில் நேர்காணல். டீச்சர் மே மாதம் ஓய்வு பெற்றிருந்தால் மே மாதம் ஒன்று, நவம்பரில் ஒன்று.

ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் முறையில் வீட்டிலிருந்தே கொடுக்கலாம். கைரேகை தேய்ந்தவர்களுக்கு முகத்தைக் காட்டும் முறை போனிலேயே இருக்கிறது. தபால்காரரை வீட்டுக்கு வரச் சொன்னால் ஒரு சான்றுக்கு 70 ரூபாய். யார் செய்து கொடுத்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் இடத்தை மட்டும் கவனியுங்கள். பென்ஷன் வகை கேட்கும் இடத்தில் `Service`, `Family` என்று வரும். டீச்சரின் சொந்த பி.பி.ஓ. எண்ணைப் போடும்போது `Service`, கணவரின் எண்ணைப் போடும்போது `Family`. செய்து கொடுப்பவர் பழக்க தோஷத்தில் இரண்டுக்கும் `Service` தட்டிவிடுவார், சான்று உருவானதாக மெசேஜும் வந்துவிடும், ஆனால் பேங்க் நிராகரித்துவிடும். டிசம்பரில் பணம் வராதபோதுதான் தெரியும். சான்று உருவாவது வேறு, ஏற்கப்படுவது வேறு. ஒரு வாரம் கழித்து jeevanpramaan.gov.in தளத்தில் அதன் நிலையைப் பார்த்துவிடுங்கள்.

மறுமணம் செய்தீர்களா, திரும்ப வேலைக்குச் சேர்ந்தீர்களா என்றும் அதில் கேட்கும். உள்ளபடி சொல்லுங்கள். சொந்த பென்ஷன் வாங்குவது 'திரும்ப வேலை' ஆகாது.

வருமான வரி

இரண்டும் பென்ஷன் என்றாலும் வரிச் சட்டத்துக்கு இவை ஒன்றல்ல. சொந்த பென்ஷன் சம்பளம் மாதிரி. புதிய வரி முறையில் அதற்கு 75,000 ரூபாய் நிலையான கழிவு. குடும்ப பென்ஷன் 'பிற வருமானம்', வட்டி மாதிரி. அதற்குத் தனிக் கழிவு: மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, இதில் எது குறைவோ அது. 75,000 கழிவை இரண்டு தடவை எடுக்க முடியாது. பழைய முறையில் இந்தக் கழிவுகள் 50,000, 15,000.

2025-26 நிதியாண்டுக்கு டீச்சரின் கணக்கு: சொந்த பென்ஷன் 5,76,000, கழிவு போக 5,01,000. குடும்ப பென்ஷன் வருடம் முழுக்க மாதம் 39,895 என்று வைத்தால் 4,78,740, கழிவு போக 4,53,740. மொத்தம் 9,54,740. புதிய முறையில் 12 லட்சம் வரை வரித் தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். பிக்சட் டெபாசிட் வட்டி இன்னும் 2,45,000 வரை சேர்ந்தாலும் பூஜ்யம்தான். இதையே வேறு எந்த முதலீட்டுக் கழிவும் காட்டாமல் பழைய முறையில் போட்டால் சுமார் 1,12,000 ரூபாய் வரி வரும். போன வருடம் வரை பழைய முறையில் போட்டுப் பழகிய ஆடிட்டர் அப்படியே தொடர்கிறாரா என்று கேளுங்கள்.

வரி இல்லை என்பதற்காக ரிட்டர்ன் போடாமல் இருக்கக் கூடாது. மொத்த வருமானம் விலக்கு வரம்பைத் தாண்டியதால் போட்டே ஆக வேண்டும். இவர் மாதிரி பென்ஷனும் வட்டியும் மட்டும் இருந்தால் ITR-1 போதும்.

சிக்கல் வருவது கொஞ்சம் பெரிய பென்ஷன் வாங்குபவர்களுக்கு. டீச்சருக்குப் பதில் தலைமை ஆசிரியை, சொந்த பென்ஷன் 70,000 என்று வையுங்கள். வருடம் 8,40,000, கழிவு போக 7,65,000. கருவூலத்துக்குத் தெரிந்தது இவ்வளவுதான், 12 லட்சத்துக்குக் கீழே, பிடித்தம் இல்லை. குடும்ப பென்ஷன் சம்பளம் அல்ல என்பதால் பேங்கும் அதில் வரி பிடிக்காது. ஆனால் இரண்டும் சேர்ந்தால் 12,18,740. வலதுகைக்கும் இடதுகைக்கும் தெரியாத கதை, வரித்துறைக்கு மட்டும் இரண்டும் தெரியும். நல்லவேளையாக 12 லட்சத்தைக் கொஞ்சமாகத் தாண்டினால் தாண்டிய அளவுக்குத்தான் வரி என்று ஒரு சலுகை இருக்கிறது: 18,740, அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக சுமார் 19,490 ரூபாய். வியாபார வருமானம் இல்லாத 60 வயது தாண்டியவர்களுக்கு முன்கூட்டி வரி கட்டும் கடமை கிடையாது, அதனால் ரிட்டர்ன் போடும்போது கட்டினால் போதும், வட்டி வராது. கெடு வழக்கமாக ஜூலை 31. தவறினால்தான் வட்டியும் தாமதக் கட்டணமும்.

குடும்ப பென்ஷனுக்குக் கருவூலம் தருவது மாதிரி படிவம் 16 கிடைக்கும் என்று காத்திருக்க வேண்டாம். பேங்கில் வருட பென்ஷன் விவரத்தாள் கேட்டு வாங்கி, அதில் அடிப்படை, அகவிலைப்படி, நிலுவை என்று பிரித்துப் பாருங்கள். குடும்ப பென்ஷன் தாமதமாகி இரண்டு வருட நிலுவை மொத்தமாக ஒரே வருடத்தில் வந்திருந்தால், அந்தந்த வருடத்துக்குப் பிரித்துக் கணக்கிடும் நிவாரணம் குடும்ப பென்ஷனுக்கும் உண்டு. அதற்கான படிவத்தை ரிட்டர்னுக்கு முன்னால் ஆன்லைனில் கொடுத்துவிட வேண்டும், பின்னால் கொடுத்தால் பயனில்லை.

எஸ்டேட் காரர்களுக்கு

மூணாறு, வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கணவன் மனைவி இருவருமே வேலை பார்த்திருந்தால் அரசு பென்ஷன் இருக்காது, பி.எஃப். பென்ஷன்தான். அங்கேயும் கதை இதேதான். கணவர் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கும்போது இறந்தால் அதில் பாதி மனைவிக்கு, குறைந்தது 1,000 ரூபாய், மறுமணம் செய்யாதவரை. மனைவிக்குத் தன் சர்வீசுக்கான பென்ஷன் தனியாக. இரண்டு பி.பி.ஓ., இரண்டு உயிர்ச்சான்று. 'எனக்குத்தான் ஏற்கெனவே வருதே' என்று கணவருடையதைக் கேட்காமலே விட்டவர்கள் மலையில் நிறையப் பேர். பி.எஃப். ஆபீசில் விதவை பென்ஷனுக்கு விண்ணப்பிக்கும்போது தன் சொந்த பென்ஷன் எண்ணை மறைக்க வேண்டியதில்லை, கேட்டால் கொடுக்கலாம்.

பஞ்சாயத்து வழியாக வரும் அரசு விதவை நல உதவி இதோடு சேராத வேறு விஷயம். அதற்கு வருமான வரம்பு உண்டு, அரசு பென்ஷனோ குடும்ப பென்ஷனோ வாங்குபவருக்கு அது கிடையாது. குடும்ப பென்ஷன் வருவதற்கு முன்பே அதை வாங்கத் தொடங்கியவர்கள், குடும்ப பென்ஷன் ஆணை வந்த மாதத்திலேயே பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்து நிறுத்திவிடுங்கள்.